கம்பியை விடலாம், எண்ணை விடலாமா?

கோவையில் பம்புசெட் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு லேண்ட்லைன்கள் தெருவிலிருந்து செம்புக் கம்பியாக உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருக்கும் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியில் முடிகின்றன. பில் புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் ஒரே ஒரு எண்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். அது 'பைலட் நம்பர்'. அந்த லைனில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு தானாக அடுத்த லைனுக்குத் தாவும். தொலைபேசிக்காரர்கள் இதை 'ஹன்டிங்' என்பார்கள். மழைக்காலத்தில் ஆறில் இரண்டு லைன் செத்துவிடும். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, கேபிள் பழசு, ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பார். சில நாள் கழித்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, ஆறு லைனையும் எடுத்துவிட்டு 'சிப் டிரங்க்' போடலாம் என்பார்.

நல்ல யோசனைதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் கடைக்காரர் விசாரிக்க வேண்டியவை இரண்டு. பழைய எண் என்ன ஆகும்? எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசலாம், அதற்கு எவ்வளவு இணைய வேகம் வேண்டும்? பிரதிநிதி இரண்டாவதைப் பற்றி நிறையப் பேசுவார். சிக்கல் பெரும்பாலும் முதலாவதில்தான் வருகிறது.

பழைய முறையில் ஒரு ஜோடிக் கம்பி, ஓர் எண், ஒரு பேச்சு என்ற மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சிப் டிரங்க் இந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. தொலைபேசி நிறுவனத்தின் கணினிக்கும் கடையிலுள்ள ஐபி-பிபிஎக்ஸ் பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு டேட்டா இணைப்புதான் இருக்கும். அழைப்பைத் தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் இரண்டு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளுக்கான விதிமுறைக்குப் பெயர்தான் சிப். இன்றைய வடிவம் 2002இல் வெளியானது. குரல் தனியே, சின்னச் சின்னப் பொட்டலங்களாக அதே இணைப்பில் ஓடும். ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு நடக்கலாம் என்பதற்கு 'சேனல்' என்று கணக்கு. எண்கள் வேறு கணக்கு. எட்டு சேனலும் ஒரே எண்ணும் வாங்கலாம். எட்டு சேனலுக்கு நூறு எண் வாங்கி, ஒவ்வோர் ஊழியர் மேசைக்கும் நேரடி எண் கொடுக்கலாம். இதற்கு டிஐடி என்று பெயர். ஹன்டிங் என்ற ஏற்பாடே இனி தேவைப்படாது. பைலட் எண்ணுக்கு ஒரே நேரத்தில் எட்டு அழைப்பு வந்தாலும் எட்டும் உள்ளே வரும்.

இனி எண் விஷயத்துக்கு வருவோம். மொபைலில் நிறுவனம் மாறினாலும் எண் மாறாத வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்துவிட்டது. அதனால் லேண்ட்லைனுக்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் அந்த வசதி மொபைலுக்கு மட்டும்தான். ஒரு நிறுவனத்தின் 0422 எண்ணை வேறொரு நிறுவனத்தின் டிரங்குக்குக் கொண்டுபோக முடியாது. புது நிறுவனம் அதே 0422இல் வேறு எண் தரும். இருபது வருடமாக ஊர் ஊராக மெக்கானிக்குகளின் டைரியில் இருக்கும் எண்ணைத் தராது.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் பழைய நிறுவனம். செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறும்போது அதே எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள பிஎஸ்என்எல் போன்ற நிறுவனங்கள் வழி வைத்திருக்கின்றன. ஆனால் ஃபைபரில் ஒற்றைக் குரல் இணைப்பாக எண் தொடர்வது வேறு, சிப் டிரங்கின் பைலட்டாக அதே எண் வருவது வேறு. டிரங்க் கேட்டால் பெரும்பாலும் புதிய எண் வரிசைதான் கொடுப்பார்கள். "இப்போதிருக்கும் இந்த எண்ணே டிரங்கில் வருமா?" என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரதிநிதி வாயால் சொல்லும் 'வந்துரும் சார்' பில் புத்தகத்தில் அச்சடிக்க உதவாது.

வராது என்று தெரிந்தால் பாலம் போட வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கின்றன. ஒன்று, பழைய பைலட் எண்ணிலேயே கால் ஃபார்வர்டிங் போட்டு, வருகிற அழைப்பை எல்லாம் புது எண்ணுக்குத் திருப்பிவிடுவது. இது எளிது. ஆனால் திருப்பும் ஒவ்வோர் அழைப்புக்கும் திட்டத்தைப் பொறுத்துக் கட்டணம் ஏறலாம். ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பைத் திருப்பும் என்பது எக்ஸ்சேஞ்சின் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஒன்றே ஒன்று என்று இருந்தால், இரண்டாவதாகக் கூப்பிடுபவருக்கு 'பிசி' ஒலிதான் கேட்கும். ஆறு லைன் வைத்திருந்த கடைக்கு இது பெரிய இறக்கம்.

இரண்டாவது வழி, பழைய லைனை அப்படியே வைத்துக்கொண்டு அதை எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சிறு பெட்டியில் செருகுவது. பழைய கம்பியில் வரும் அழைப்பை அது சிப் அழைப்பாக மாற்றி ஐபி-பிபிஎக்ஸுக்குள் அனுப்பும். பில்லிங் பெண்ணின் மேசையில் மணி அடிக்கும்போது அழைப்பு பழைய வழியில் வந்ததா புது வழியில் வந்ததா என்றே அவருக்குத் தெரியாது. எண்ணை ஃபைபருக்கு மாற்றியிருந்தால், ஃபைபர் மோடமில் இருக்கும் டெலிபோன் போர்ட்டிலிருந்து கேட்வேக்கு ஒயர் இழுத்தால் போதும். எனக்கு இந்த வழிதான் பிடித்தது.

இதில் ஒரு வழக்கமான தொல்லை உண்டு. கூப்பிட்டவர் போனை வைத்துவிட்டார் என்பது பழைய கம்பியில் எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. சில எக்ஸ்சேஞ்சுகள் மின்முனையைப் புரட்டிக் காட்டும், சில வெறும் 'பிசி' ஒலியை மட்டும் தரும். கேட்வே இதைக் கண்டுகொள்ளும்படி அமைக்காவிட்டால், பேச்சு முடிந்த பிறகும் லைன் பிடித்தபடியே கிடக்கும். வெளியே கூப்பிடுகிறவர்களுக்குக் கடை மணிக்கணக்கில் பிசியாகத் தோன்றும். உள்ளே ஒருவரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய எண்ணில் அழைப்பே வரவில்லை, எல்லாரும் புது எண்ணுக்கு மாறிவிட்டார்கள் என்று கடைக்காரர் சந்தோஷப்படுமுன், தன் மொபைலிலிருந்து அந்த எண்ணை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எண் எந்த வடிவில் வருகிறது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அழைப்பு வரும்போது, எந்த எண்ணுக்கு வந்திருக்கிறது என்று நிறுவனம் ஒரு செய்தி அனுப்பும். அதே எண்ணை ஒரு நிறுவனம் `+914222XXXXXX` என்று அனுப்பும், இன்னொன்று `04222XXXXXX` என்று அனுப்பும், மற்றொன்று முன்னொட்டே இல்லாமல் `4222XXXXXX` என்று அனுப்பும். நமக்கு மூன்றும் ஒன்றுதான். பெட்டிக்கு மூன்றும் மூன்று. தன் பட்டியலில் எழுதியிருக்கும் வடிவம் வராவிட்டால் அது `404 Not Found` என்று திருப்பிவிடும்; கூப்பிட்டவருக்கு இந்த எண் உபயோகத்தில் இல்லை என்பது போன்ற அறிவிப்பு கேட்கலாம். புது டிரங்க் போட்ட முதல் நாள் வெளியே போகும் அழைப்பெல்லாம் ஒழுங்காகப் போய், உள்ளே எதுவும் வராவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வெளியே போகும் எண்ணிலும் ஒரு வேடிக்கை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய இபிஏபிஎக்ஸில் வெளி லைன் பிடிக்கவே ஒரு 0 அழுத்தும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஆக ஊழியரின் விரல் 0, 0, பிறகு 94இல் தொடங்கும் மொபைல் எண் என்று பழகியிருக்கும். புதுப் பெட்டியில் வெளி லைனுக்கான 0 தேவையில்லை. பழக்கத்தில் அழுத்தும் 00 என்பதோ வெளிநாட்டு அழைப்புக்கான முன்னொட்டு, 94 என்பதோ இலங்கை. பொள்ளாச்சி வாடிக்கையாளரைக் கூப்பிட்ட ஊழியரின் அழைப்பை டிரங்க் இலங்கைக்குப் போகும் அழைப்பாக எடுத்துக்கொண்டு தடுத்துவிடும். 98இல் தொடங்கும் எண்ணென்றால் ஈரான். வெளிநாட்டு அழைப்பே தேவையில்லாத கடையில், 00க்குப் பின்னால் 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கம் வந்தால் ஒரு பூஜ்யத்தை வெட்டிவிட்டு மொபைலாக அனுப்பு என்று பெட்டியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கூடவே, வெளிநாட்டு அழைப்பை நிறுவனத்திடமே சொல்லி அடைத்துவிடுவது நல்லது. பாதுகாப்பில்லாமல் இணையத்தில் திறந்து கிடக்கும் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, இரவோடு இரவாக விலை உயர்ந்த நாடுகளுக்கு அழைப்பு ஓட்டும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது. பில் கடைக்காரர் பெயரில்தான் வரும்.

"ஏனுங்க, இப்ப ஆறு லைன் இருக்குது. அப்ப ஆறு சேனல் போதுமுங்களா?" என்றுதான் கடைக்காரர் அடுத்துக் கேட்பார். எண்ணிப் பார்த்துவிடலாம். கடை மிகவும் பரபரப்பாக இருக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு என்று வையுங்கள். அந்த நேரத்தில் உள்ளேயும் வெளியேயுமாக 40 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. அதாவது அந்த ஒரு மணி நேரம் முழுக்கச் சராசரியாக இரண்டு சேனல் நிரம்பியிருக்கும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும். டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் நூறு வருடத்துக்கு முன்பே இதற்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். அதன்படி இந்தக் கடைக்கு நான்கு சேனல் இருந்தால் நூற்றில் ஒன்பது பத்து அழைப்புக்கு இடம் கிடைக்காது. ஐந்து இருந்தால் நூற்றில் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு இருந்தால் நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். ஆறு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

முதலாளி மதியம் கிடங்குக்குப் போகும்போது தன் அழைப்பை மொபைலுக்குத் திருப்பிவிடுகிறார் அல்லவா? அங்கேதான் கணக்கு மாறுகிறது. வாடிக்கையாளர் உள்ளே வருவதற்கு ஒரு சேனல், அதே அழைப்பு வெளியே மொபைலுக்குப் போவதற்கு இன்னொரு சேனல். ஒரே பேச்சு இரண்டு இடத்தைப் பிடிக்கும். இரண்டு பேர் இப்படித் திருப்பிவிட்டால் ஆறில் நாலு போய்விடும். அதனால் இந்தக் கடைக்கு எட்டு என்று வைத்துக்கொள்வேன். திருப்பிவிடும்போது இன்னொன்றும் நடக்கும்: முதலாளியின் மொபைலில் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதில் கடையின் எண்ணே தெரியும். டிரங்குக்கு ஒதுக்கிய எண்ணைத் தவிர வேறு எண்ணைக் காட்டி அழைப்பு அனுப்ப நிறுவனங்கள் பொதுவாக விடுவதில்லை. பெட்டி வாடிக்கையாளர் எண்ணைக் காட்ட முயன்றால் அழைப்பே நிராகரிக்கப்படலாம்.

எட்டு சேனலுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு பேச்சைப் பிரித்துப் பார்த்தால் புரியும். வழக்கமான ஜி.711 முறையில் குரல் நொடிக்கு 64 கிலோபிட். இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 துண்டு, ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். ஒவ்வொரு துண்டின் மேலும் எங்கே போக வேண்டும், எத்தனையாவது துண்டு என்ற விவரங்கள் 40 பைட் ஒட்டப்படும். ஈதர்நெட் உறை இன்னொரு 18 பைட். ஆக 218 பைட். எட்டால் பெருக்கி, ஐம்பதால் பெருக்கினால் 87,200. நொடிக்குச் சுமார் 87 கிலோபிட். போவதற்கு இவ்வளவு, வருவதற்கும் தனியே இவ்வளவு. மற்ற சில்லறைச் செலவையும் சேர்த்து, பேச்சுக்கு 100 கிலோபிட் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். எட்டு பேச்சுக்கு 800 கிலோபிட். ஒரு மெகாபிட்கூட இல்லை.

வேகம் குறைவான இடத்தில் ஜி.729 என்ற சுருக்கும் முறையைப் பயன்படுத்தலாம் என்பார்கள். அதில் குரல் 64க்குப் பதில் எட்டே கிலோபிட். எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குரல் 20 பைட்டாகச் சுருங்கினாலும் மேலே ஒட்டும் 58 பைட் சுருங்குவதில்லை. 31 கிலோபிட்டில் போய் நிற்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஃபேக்ஸும் அதில் போகாது. ஃபைபர் இருக்கும் கடைக்கு இந்தச் சிக்கனம் வேண்டியதில்லை.

அப்படியானால் 100 மெகாபிட் இணைப்பு வைத்திருப்பவர் கவலையே படவேண்டாமா? படவேண்டும், வேறொன்றுக்காக. ஒரு பக்கத்தில் பேசியது மறுபக்கம் கேட்க 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் வழிகாட்டுதல். திட்டத்தில் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் வேகம் டவுன்லோட். நம் குரல் போவது அப்லோடில். அது 10 மெகாபிட்தான் என்று வையுங்கள். கடையின் கேமராப் பதிவுகளையும் கணக்குக் கோப்பையும் ஒரு கணினி கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. முழு அளவு டேட்டா பொட்டலம் 1,500 பைட். 10 மெகாபிட்டில் ஒன்று வெளியேற 1.2 மில்லிநொடி. அப்படி நூறு பொட்டலம் ரூட்டரில் காத்திருந்தால், பின்னால் வரும் குரல் துண்டு 120 மில்லிநொடி தாமதமாகும். வரிசை சில நேரம் நீளும், சில நேரம் குறுகும். துண்டுகள் சீராகப் போய்ச் சேராது. மறுமுனையில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும்.

இதை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அவர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, நீங்கள் பேசுவது மட்டும் அவருக்கு உடைந்து கேட்டால் உங்கள் அப்லோட்தான் நிரம்பியிருக்கிறது. தலைகீழாக இருந்தால் டவுன்லோடையோ மறுமுனையையோ பார்க்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கடை பரபரப்பாக இருக்கும் நேரத்தில், கணினியில் இந்த ஒரு வரியை ஓடவிடுங்கள்; கடைசியில் இருக்கும் முகவரிக்குப் பதில் டிரங்க் நிறுவனம் தரும் முகவரியைப் போடவேண்டும்.

```
ping -n 500 -l 172 203.0.113.10
```

172 என்று போடுவதால் ஒவ்வொரு பொட்டலமும் குரல் துண்டின் அளவுக்கே இருக்கும். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஐந்நூறில் ஐந்துக்குமேல் தொலைந்தால், அதாவது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால், அது காதுக்குத் தெரியத் தொடங்கும். பதில் வரும் நேரம் 20, 25 என்று சீராக இல்லாமல் 20, 190, 35, 240 என்று துள்ளினாலும் அப்படித்தான்.

மருந்து, ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுப்பது. பாதசாரிகளுக்குள் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதுபோல. இதில் பலரும் விட்டுவிடும் ஒரு படி உண்டு. அப்லோட் வேகத்தை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, பத்தென்றால் ஒன்பது என்று ரூட்டரில் வரையறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை நம் ரூட்டரில் சேராமல் நிறுவனத்தின் மோடமில் சேரும். அங்கே நம் முன்னுரிமை செல்லாது. பொது இணையத்தில் போய்விட்டால் யாரும் அந்த முன்னுரிமையை மதிப்பதில்லை. இந்தியாவில் பல நிறுவனங்கள் டிரங்கைத் தங்கள் சொந்த ஃபைபரில் தனிப் பாதையாகவே கொண்டுவந்து தருகின்றன. மாதக் கட்டணம் சற்றுக் கூடினாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வேகத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகளையும் வேகத்தின் தலையில் போடுவதைப் பார்க்கிறோம். பேச்சு தொடங்கி அரை நிமிடத்தில், கடிகாரம் வைத்தால் 32 நொடியில், ஒவ்வொரு முறையும் அழைப்பு அறுந்தால், 'எடுத்துவிட்டார்' என்பதற்கான உறுதிச் செய்தி வழியில் தொலைகிறது. ஒருவர் குரல் மட்டும் கேட்டு மற்றவர் குரல் கேட்கவே இல்லையென்றால், ரூட்டர் உள்முகவரியையும் வெளிமுகவரியையும் குழப்புகிறது. இரண்டுக்கும் அடிக்கடி காரணமாவது ரூட்டரில் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சிப் செய்திகளைத் திருத்தும் `SIP ALG` என்ற வசதி. அதை அணைத்துப் பார்ப்பதே முதல் வேலை. இதற்கு அதிக வேக பிளான் வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய போன் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியே வரும் 48 வோல்ட்டில் ஓடியது. கடையில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். இப்போது ஃபைபர் மோடம், ரூட்டர், ஸ்விட்ச், ஐபி-பிபிஎக்ஸ், மேசை போன் என எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலைவரை ஓட வேண்டுமானால், கணினிக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ் போதாது. டிரங்க் தொடர்பு அறுந்தால் அழைப்பைத் தானாக ஒரு மொபைலுக்கு அனுப்பும்படி நிறுவனத்திடமே ஏற்பாடு கேட்டு வையுங்கள்.

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ கடை வைத்திருக்கும் உறவினர் இருந்தால் அவர் கதை வேறு. பிரிட்டன் தன் பழைய தொலைபேசி வலையை 2027 ஜனவரி இறுதியோடு மூடுவதென்று முடிவுசெய்திருக்கிறது. அங்கே லேண்ட்லைன் எண்ணை நிறுவனம்விட்டு நிறுவனம் கொண்டுபோகலாம். ஆனால் எண்ணை எடுத்துப்போனதும் அந்தப் பழைய லைன் ரத்தாகும். அதே லைனில் பிராட்பேண்ட் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே போகும். புது இணைய இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகே எண்ணை மாற்றக் கேட்க வேண்டும்.

கோவைக் கடைக்குத் திரும்பினால், ஆறு பழைய லைனையும் ஒரே நாளில் சரண்டர் செய்ய வேண்டாம். கார்டு மெஷினோ அலாரமோ ஃபேக்ஸோ எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்வேயில் பழைய லைன்களைச் செருகியபின், எந்த எண்ணுக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்பதை ஐபி-பிபிஎக்ஸ் தானே பதிவு செய்யும். மூன்று மாதப் பதிவைப் பார்த்தால், யாருமே கூப்பிடாத லைன்கள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றை எழுதிக் கொடுத்து ரசீதும், கட்டிவைத்த டெபாசிட்டும் வாங்கிக்கொள்ளலாம். பைலட் எண்ணை மட்டும் குறைந்த வாடகைத் திட்டத்துக்கு மாற்றி வைத்திருங்கள். விட்டுவிட்ட எண் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், மோட்டார் ஷாஃப்ட் கேட்டு வரும் அழைப்பெல்லாம் அவர் வீட்டில்தான் அடிக்கும்.